மண்பானை என்றிருந்த இடத்தில் குடம்

மூன்று நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீளமானது. மேடையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் நின்றதில்லை, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தவன். ஆனாலும் தெரியும்.

புதிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு, மாலை வகுப்பு மாணவன் சுந்தரமூர்த்தி எழுதுவது. மாணவர் மன்றத் தேர்தலை மறுபடியும் நடத்த உத்தேசித்திருப்பதாகவும், முன்பு அது நடந்த விதத்தை எழுதித் தரும்படியும் கேட்டீர்கள். நான் தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைசியில், 'நான்கு வருஷமாக ஏன் தேர்தல் இல்லை?' என்றும் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு காகிதமும். வளவளவென்று எழுதுகிறேனோ என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தேர்தல் 1934 ஆகஸ்டில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்தது. வெள்ளிக்கிழமையில் ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு விடுமுறை. பள்ளிக்கு விடுமுறை இல்லை. பகலில் படிக்கிற பிள்ளைகளும், வேலை முடிந்து மாலையில் படிக்க வருகிற எங்களைப் போன்றவர்களும் ஒரே கூரையின் கீழ் உட்கார அந்த ஒரு நாள்தான் தோதாக இருந்தது. முன்னால் பாயில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் வரிசைப்படி எட்டாம் வகுப்புவரை. கடைசி பெஞ்சுகளில் மீசை வைத்த மாணவர்கள், ஷாப்பில் தோல் சதை சீவுகிறவர்கள், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவர்கள். ஆறு வயதுக்கும் முப்பது வயதுக்கும் ஒரே பேச்சு.

அதுதான் கஷ்டம். பழைய தலைமையாசிரியர் துரைசாமி ஐயா இதற்கென்று சில விதிகள் வைத்திருந்தார். வேட்பாளர் முதலில் தன் பெயர், வகுப்பு, பள்ளியில் இதுவரை செய்த ஒரு வேலை ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பிறகு தலைவனானால் செய்யப்போகிற ஒரே ஒரு காரியம். அதை எப்படிச் செய்வான் என்பதும் சேர்த்து. தலைவனின் கைக்கு எட்டாததை வாக்குக் கொடுக்கக் கூடாது. தலைவனுக்கு உட்பட்டவை குடிதண்ணீர், வரிசை ஒழுங்கு, தாமதமாக வருகிறவர் பட்டியல், மாலை வகுப்பு விளக்குகள், இவ்வளவுதான். எதிராளியைப் பற்றிப் பேசக் கூடாது. படித்துக் காட்டக் கூடாது, மனத்திலிருந்து சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகளும் ஓட்டுப் போடுவதால் ஒவ்வொருவருக்கும் ஒரு படச் சின்னம். பேச்சு முடியும்போது சின்னத்தின் பெயரைச் சொல்லி முடிக்க வேண்டும். இரண்டரை நிமிடத்தில் ஒரு மணி, மூன்றில் இரண்டு மணி. அதற்குமேல் ஒரு சொல்லும் இல்லை.

"சின்னது தலையாட்டணும், பெருசு கொட்டாவி விடக்கூடாது. அவ்ளோதான்யா பேச்சு," என்பார்.

மணி அடிக்கிற வேலை எனக்கு. நான் ஒழுங்கானவன் என்று ஐயா நம்பினார்.

அந்த வருஷம் இரண்டு பேர் நின்றார்கள். எட்டாம் வகுப்பு நயீம் அகமது ஒருவன். தோல் தரகர் மகன், நல்ல பையன். மற்றவன் மாலை வகுப்பிலிருந்து கன்னியப்பன். என்னோடு ஒரே ஷாப்பில் வேலை செய்கிறவன், எனக்கு இருந்த ஒரே சிநேகிதன். அவன் சதை சீவுவான். நான் பதனிட்ட தோலை வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்து, கீறல், உண்ணிக்கடி, சூட்டுத் தழும்பு என்று குறை இருக்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் குறி போடுவேன்.

கன்னியப்பனுக்குத் தலைவர் பதவி வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவன் எட்டாம் வகுப்புப் பரீட்சை தேறியிருந்தான். மாலை வகுப்பிலிருந்து யாராவது தலைவரானால், வேலூரில் ஆசிரியர் பயிற்சிக்குத் தானே எழுதி அனுப்புவதாக துரைசாமி ஐயா சொல்லியிருந்தார். சாப்பாடும் இடமும் இலவசம். இரண்டு வருஷத்தில் வாத்தியார். சுண்ணாம்பு தின்ற விரல்களை அவன் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அவனுக்குத் திக்குவாய். இதை முன்பே சொல்லியிருக்க வேண்டுமோ.

எல்லாச் சொல்லும் திக்காது. அதைக் கண்டுபிடித்தது நான். ஷாப்பில் தோல் பதனிட வைத்திருக்கும் ஆவாரம்பட்டைக் குவியலின் மறைவில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில், மூன்று மாதம் அவனைப் பேசவைத்து ஒரு நோட்டில் எழுதினேன். இடது பக்கம் வழுக்கிக்கொண்டு வரும் சொற்கள். வலது பக்கம் தடுக்கும் சொற்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் தடையில்லை. ம, ந, வ, த எல்லாம் லேசாக வரும். வாக்கியத்தின் தொடக்கத்தில் 'க' வந்தால் தொண்டை பூட்டிக்கொள்ளும். ஆனால் அதே 'க' ஒரு வாக்கியத்தின் நடுவில், மெல்லினத்துக்குப் பின்னால், மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால் வந்துவிடும். 'நான்தான் கன்னியப்பன்' என்றால் வரும். 'கன்னியப்பன்' என்று மட்டும் தொடங்கினால் வராது. தன் பெயரிலேயே பூட்டு. இன்னொன்றும் கண்டுபிடித்தோம். யாராவது தாளம் தட்டினால், அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு பூட்டைத் தாண்டிவிடுவான். நான் மூன்று விரலால் தட்டுவேன்.

"நீ டாக்டரா போயிருக்க வேண்டியவன்டா தோஸ்த்," என்பான். இந்த வாக்கியம் அவனுக்கு ஒருநாளும் திக்கியதில்லை. குறித்து வைத்திருக்கிறேன்.

பேச்சை நான்தான் எழுதினேன். முதல் பிரதி என்னிடம் இருக்கிறது. 'தம்பி தங்கைகளே, அண்ணன்மாரே, மாலை வகுப்பு மாணவன் கன்னியப்பன் வணக்கம் சொல்கிறேன். போன வருஷம் விளக்குக் கண்ணாடிகளைத் தினமும் துடைத்தது நான்தான். நம் பள்ளி வாசலில் இரண்டு மண்பானை இருக்கிறது. மத்தியானத்துக்குள் தண்ணீர் அடிக்குப் போய்விடுகிறது. உயரமானவர்கள் எட்டி மொண்டுகொள்கிறார்கள். ஒன்றாம் வகுப்புக்கு எட்டுவதில்லை. மாலையில் வருகிற எங்களுக்கு எதுவுமே மிஞ்சுவதில்லை. வரிசை வைத்து, மத்தியானம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை நிரப்ப ஏற்பாடு செய்வேன். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரத்தில் ஒரு நாள் முறை. முதல் வாரம் மாலை வகுப்பு. நம் சின்னம் மண்பானை.' தாளத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னால் இரண்டு நிமிடம் இருபது விநாடி. சின்னவனுக்கு எட்டாத பானை, பெரியவனுக்குத் தாகம். ஒரே பானையில் இருவரும். நான் எழுதியதில் நல்லது என்று நானே நம்பியது இது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது நாள் முன்னால் மூன்று திருத்தம் செய்தேன்.

முதலாவது, தொடக்கம். 'கன்னியப்பன் என் பெயர்' என்று மாற்றினேன். பெயர் முதலில் வர வேண்டும் என்பது ஐயாவின் விதி. நீண்ட வாக்கியத்தின் நடுவில் வந்தால் குழந்தைகள் மனத்தில் நிற்காது. இரண்டாவது, தண்ணீர் அடியில் கிடக்கும் இடத்தில், 'காக்கை கதை தெரியுமா? காக்கை கல்லைப் போட்டது. கல் போடாமலே உங்களுக்குத் தண்ணீர் எட்டும்படி செய்வேன்' என்று சேர்த்தேன். பாடப்புத்தகத்தில் எல்லாக் குழந்தைக்கும் தெரிந்த கதை. தெரிந்ததிலிருந்து தொடங்கினால் சின்னவர்கள் கேட்பார்கள். மூன்றாவது, முடிவில் மண்பானை என்றிருந்த இடத்தில் குடம்; அதையும் 'குடம்தான் நம் சின்னம்' என்று முன்னால் வைத்தேன். சின்னத்துக்கான படத்தில் அது குடம் மாதிரிதான் இருந்தது.

மூன்றும் நல்ல யோசனைகள். யாரிடம் காட்டினாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

"இன்னாடா, எல்லாம் 'க'வா கீது?" என்று கேட்டான் கன்னியப்பன். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"நீ இப்பதான் நல்லா பேசுறியே. ஒரு தபா சொல்லிப் பாரு."

சொன்னான். பட்டைக் குவியலின் மறைவில், எனக்கு எதிரில், மூன்று விரல் தாளத்தில், ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னான். ஒன்பது நாளும் சொன்னான். ஆகையால் அவனால் முடியாததை நான் எழுதிக் கொடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. இதையும் நாட்குறிப்பில் அன்றன்றைக்கே எழுதி வைத்தேன். யார் கேட்பார்கள் என்று அப்போதே எழுதினேனோ தெரியவில்லை.

ஏன் செய்தேன் என்பதற்கு வருகிறேன். யோசித்துப் பாருங்கள் ஐயா. திக்குவாய் வாத்தியார். நாற்பது பிள்ளைகள். முப்பது வருஷம். ஒவ்வொரு நாளும் முதுகுக்குப் பின்னால் ஒருவன் அவனைப் போலப் பேசிக் காட்டுவான். அந்த முப்பது வருஷத்துக்குப் பதிலாக ஒரு மத்தியானம். நான் கணக்குப் போட்டது அப்படித்தான். தோலில் குறை இருந்தால் தைத்த பிறகு தெரிவதைவிட முன்பே குறி போட்டுவிடுவது நல்லது. வேலூர் போய்விட்டால் அங்கே அவனுக்குத் தாளம் தட்ட யார் இருக்கிறார்கள் என்பதையும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை. நயீம் முதலில் பேசினான். "மரியாதைக்கும் வணக்கத்துக்கும் உரிய" என்று தொடங்கி ஐயா பெயர், மற்ற ஆசிரியர்கள் பெயர், பள்ளியின் பெருமை என்று ஒரு நிமிடம் போக்கிவிட்டான். பிறகு கால்பந்து வாங்கித் தருவதாகச் சொன்னான். ஐயா தொண்டையைக் கனைத்தார்; பந்து தலைவன் கைக்கு எட்டாதது. முன்பாயில் குழந்தைகள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி பெஞ்சில் கொட்டாவி. சின்னம் விளக்கு என்று சொல்லி இறங்கினான்.

கன்னியப்பன் ஏறினான். வெளுத்த சட்டை, அவன் அக்கா பூவம்மாள் கஞ்சி போட்டுக் கொடுத்தது. அவள் வெளியே ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

திக்கினால் நான் விரலால் தட்டுவதாகப் பேசி வைத்திருந்தபடி மணிமேஜை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டான். அங்கே நான். வாயைத் திறந்தான்.

பெயர் வர ஒன்பது விநாடி ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை. பெயர் வந்ததும் கடைசி பெஞ்சில் யாரோ, "அப்டிப் போடு!" என்றார்கள். விளக்குக் கண்ணாடி நன்றாக வந்தது. பானை வந்தது, அந்த ஒரு இடத்தில் நான் அதை மாற்றாமல் விட்டிருந்தேன். எட்டாத தண்ணீரைச் சொன்னபோது முன்பாயில் தலைகள் ஆடின. பிறகு காக்கை.

"கா," என்றான். "கா... கா... கா..."

முன்வரிசையில் சாவித்திரி என்று ஒரு சின்னப் பெண். அவள் முகமெல்லாம் மலர்ந்து, "கா!" என்றாள்.

அவளுக்கு அது கதை. பானை, அடியில் தண்ணீர், இதோ காக்கை வந்துவிட்டது. அண்ணன் காக்கை மாதிரி கத்திக் காட்டுகிறார். அடுத்த குழந்தையும் கத்தியது. பிறகு முன்பாய் முழுவதும். கை இரண்டையும் சிறகாக அடித்துக்கொண்டு, கா, கா, கா. அவ்வளவு சந்தோஷமாக ஒரு கூட்டம் கத்தியதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. கேலி ஒன்றும் இல்லை. கேலி என்றால் என்னவென்று தெரியாத வயது. அதைப் பார்த்து இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் எங்கள் ஆட்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் என்னைப் பார்த்தான். மூன்று விரலுக்காகப் பார்த்தான்.

என் கை மணியின்மேல் இருந்தது. இரண்டரை நிமிடம் நெருங்கிக்கொண்டிருந்தது. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்பது விதி. சரியாக இரண்டரைக்கு அடித்தேன். அவன் உடம்பு தூக்கிப்போட்டது. நடுவில் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுச் சின்னத்துக்குத் தாவினான். "கு... கு... கு..." சிலர் குயில் என்று நினைத்துக் கூவினார்கள். மூன்று நிமிடம். இரண்டு மணி அடித்தேன். அரை விநாடிகூட முன்னே பின்னே இல்லை.

இறங்கி வந்தான். மனப்பாடம் செய்த தாளை என் மேஜையில் வைத்தான். பக்கத்து வாசல் வழியாகப் பாலாற்றுப் பக்கம் போனான்.

ஜன்னலோரத்திலிருந்து பூவம்மாள் வந்து என் சட்டையைப் பிடித்தாள். "இன்னா எழுதிக் குடுத்தே அவனுக்கு? வூட்ல நேத்திகூட பாட்டாட்டம் சொன்னானே!"

"நான் எழுதுனதத்தான் வீட்லயும் சொன்னான் அக்கா," என்றேன். அது உண்மைதான்.

ஓட்டு உடனே நடந்தது. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை. திரைக்குப் பின்னால் இரண்டு மூடிய பெட்டிகள், மேலே படம் ஒட்டியது. நான் வாசலில் கொட்டை கொடுத்துக்கொண்டிருந்தேன். சாவித்திரி என் வேட்டியை இழுத்து, "காக்கா அண்ணன் பொட்டி எதுண்ணா?" என்று கேட்டாள். விதிப்படி நான் சொல்லக் கூடாது. அவளே கண்டுபிடித்திருப்பாள்.

ஐயாவும் நானும் எண்ணினோம். இரண்டு முறை எண்ணினோம். விளக்கு நூற்றிரண்டு. குடம் நூற்றுப்பத்தொன்பது.

ஆம், ஐயா. கன்னியப்பன் ஜெயித்துவிட்டான்.

எண்ணிக்கையை வெளியே சொல்வது துரைசாமி ஐயாவுக்கு வழக்கமில்லை. தோற்றவன் மனம் நோகும் என்று ஜெயித்தவன் பெயரை மட்டும் சொல்வார். அன்றைக்கு அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "போய் இட்டுக்கினு வாப்பா. அவன் வந்தப்புறம்தான் பெயரைச் சொல்லணும். அந்தக் குழந்தைங்க கத்தினதுக்கு அர்த்தம் அவனுக்குத் தெரியணும்," என்றார்.

போனேன். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் உட்கார்ந்திருந்தான். ஷாப்புக் கழிவு வந்து சேரும் கால்வாய் ஓரம், வெள்ளைச் சட்டையோடு. நானும் உட்கார்ந்தேன். "எத்தினி?" என்று கேட்டான். உயிரெழுத்தில் தொடங்கும் சொல். திக்காமல் வந்தது.

"ரொம்ப கம்மிடா," என்றேன்.

தலையாட்டினான். இன்றுவரை அவன் பேசிய கடைசிச் சொல் அந்த 'எத்தினி'.

திரும்பி வந்து ஐயாவிடம், "அவனுக்கு இஷ்டம் இல்லீங்க. வேணாங்கறான்," என்றேன்.

"அவனே சொன்னானா?"

"சொன்னான் ஐயா."

ஐயா எண்ணி வைத்த புளியங்கொட்டைகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டார். பிறகு கூடத்துக்குப் போய் நயீம் அகமதுவின் பெயரைச் சொன்னார். பையன் நன்றாகவே நடத்தினான். தண்ணீர் முறைகூட வைத்தான். அடுத்த வருஷம் மாலை வகுப்பிலிருந்து ஒருவரும் மேடையேறப் பெயர் கொடுக்கவில்லை. பகல் வகுப்பிலிருந்து வந்த ஒரே பெயருக்குத் தேர்தல் எதற்கென்று ஐயா நிறுத்திவிட்டார். மறுவருஷம் அவரும் காலமாகிவிட்டார். நீங்கள் கேட்ட ஒரு வரிக்குப் பதில் இதுதான்.

மற்றபடி கவலைப்பட ஒன்றுமில்லை. கன்னியப்பன் அதே ஷாப்பில் இருக்கிறான். அவனை நான் விட்டுவிடவில்லை. மேஸ்திரி ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்கிறேன். கடையில் அவனுக்கு வேண்டியதை நான் கேட்டு வாங்கிக் கொடுக்கிறேன். வைத்தியரிடம் எங்கே வலிக்கிறது என்று நான் சொல்கிறேன். அநேகமாகச் சரியாகத்தான் சொல்கிறேன். போன மாதம் குடியாத்தத்திலிருந்து பெண் வீட்டார் வந்தபோது, மாப்பிள்ளைக்கு இப்போதைக்குக் கல்யாணத்தில் விருப்பமில்லை என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பியதும் நான்தான். பூவம்மாள் அழுதாள். அவளுக்கும் அவன் சார்பில் ஆறுதல் சொன்னேன். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு நடக்கிறோம். நான் பேசிக்கொண்டு வருவேன்.

மறுபடி தேர்தல் வைத்தால், யாருக்காவது பேச்சு எழுதித் தர வேண்டுமானாலும், மணி அடிக்க வேண்டுமானாலும் சொல்லியனுப்புங்கள். அந்த நோட்டு பத்திரமாக இருக்கிறது. அதன் இடது பக்கத்துச் சொற்கள் இப்போது எனக்கு மனப்பாடம்; அவனுக்காகப் பேசும்போது அவற்றையே பார்த்துப் பார்த்துப் போடுகிறேன், அவனே பேசுவது போல இருக்கட்டும் என்று.

நான் செய்தது தப்பு என்று தாங்கள் நினைக்கலாம். நானும் சில நாள் அப்படி நினைப்பதுண்டு. அப்போதெல்லாம் அவனிடமே கேட்டுவிடுவேன், 'உனக்கு இது சம்மதம்தானே?' என்று. இந்த நான்கு வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட இல்லை என்று சொன்னதில்லை.